பதினேழில் உடையும் பின்னம்

1959ஆம் ஆண்டு ருமேனியாவில் ஏழு நாடுகளின் மாணவர்கள் எழுதிய முதலாவது சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் முதல் வினா, n எந்த இயற்கை எண்ணாயினும் (21n + 4)/(14n + 3) என்னும் பின்னத்தைச் சுருக்க முடியாது என நிறுவுமாறு கேட்டது. பொதுக் காரணிகளுட் பெரியதைப் பொ.கா.பெ. என்று சுருக்கிச் சொல்லிப் பழகிய அக்கரப்பத்தனை மாணவர் ஒருவருக்கும் இவ்வினாவில் அறியாத சொல் எதுவும் இராது. தொகுதியெண், பகுதியெண் ஆகிய இரண்டின் பொ.கா.பெ. 1 என்று காட்டுவதே வேலை. ஆனால் காரணிப்படுத்திப் பொ.கா.பெ. காணும் பள்ளிக்கூட வழி இங்கே உதவாது, ஏனெனில் n இன்னதென்று தெரியாதபோது காரணிப்படுத்த எண்ணே கையில் இல்லை.

உதவுவது யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் கூறிய கழித்தல் முறையாகும். இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் மடங்குகளின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும் என்பது அதன் அடிப்படை. தொகுதியெண்ணின் இருமடங்கு 42n + 8, பகுதியெண்ணின் மும்மடங்கு 42n + 9. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் n மறைந்து 1 மட்டும் எஞ்சுகிறது. 1ஐ வகுக்கும் இயற்கை எண் 1 மட்டுமே என்பதால் நிறுவல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இவ்வினாவின் கட்டமைப்பை உணர, அதில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. பகுதியெண்ணில் 3ஐ நீக்கி 9ஐ இட்டு, (21n + 4)/(14n + 9) எப்போதும் சுருங்காதா என்று கேட்டால், 1, 2, 3 என்று பிரதியிட்டுச் செல்பவருக்கு 25/23, 46/37, 67/51 என்று சுருங்காத பின்னங்களே வந்துகொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு எண்களுக்குப் பிறகும் நிலைமை மாறாததால், கூற்று உண்மை என்று அவர் எழுதிவிடக்கூடும். கழித்தல் முறையோ 42n + 27 இலிருந்து 42n + 8 போக 19 எஞ்சுவதைக் காட்டி, பொதுக் காரணி ஒன்று இருக்குமானால் அது 19ஆகத்தான் இருக்க முடியும் என்று உடனே எச்சரிக்கிறது.

எந்த n இல் அது தோன்றும் என்பதற்கு மட்டு எண்கணிதம் விடை தருகிறது. குறித்த ஓர் எண்ணால் வகுக்கும்போது ஒரே மீதியைத் தரும் எண்களை ஒன்றாகவே பாவிப்பது இக்கணிதம். 1987இல் தொடங்கிய ஆண்டும் 2047இல் தொடங்கவிருக்கும் ஆண்டும் பிரபவ என்ற ஒரே பெயரைப் பெறுவது, இரண்டும் 60ஆல் வகுபடும்போது 7ஐ மீதியாகத் தருவதனால்தான். இங்கே வட்டம் 19 ஆகும். 14n + 9 ஆனது 19ஆல் மீதியின்றி வகுபடவேண்டும். 14க்கும் −5க்கும் இடையே 19 வித்தியாசம் இருப்பதால் 14n இன் இடத்தில் −5n ஐ வைக்கலாம். எனவே 5n உம் 9உம் ஒரே மீதியைத் தரவேண்டும். 9உடன் 19ஐ நான்குமுறை கூட்டினால் 85 வரும்; அதை 5ஆல் வகுத்தால் n = 17. அப்போது பின்னம் 361/247, அதாவது 19 × 19க்குக் கீழே 19 × 13, சுருங்கினால் 19/13. அடுத்த தடவை இது நிகழ்வது 36இல்தான். இத்தகைய மீதிக் கணக்குகளைத் தீர்க்கும் குட்டக முறையை ஆரியபடர் 499ஆம் ஆண்டளவிலேயே சூத்திரமாக்கியிருந்தார்.

5ஆல் வகுத்தது 19க்கும் 5க்கும் பொதுக் காரணி இல்லாததால் மட்டுமே செல்லும் என்பதை விடைத்தாளில் பலர் எழுத மறக்கின்றனர். 2உம் 12உம் 10ஆல் வகுபடும்போது ஒரே மீதியைத் தந்தாலும், இரண்டையும் 2ஆல் வகுத்துப் பெறும் 1உம் 6உம் அவ்வாறு தருவதில்லை.

இன்னும் நுட்பமான பொறி 9க்குப் பதிலாக 5ஐ இடும்போது அமைகிறது. வித்தியாசம் இப்போது 15 − 8 = 7; முந்திய கணக்கைச் செய்து பழகியவர், 7 பொதுக் காரணியாகும் n ஐத் தேடப் புறப்படுவார். ஆனால் 21உம் 14உம் ஏற்கெனவே 7இன் மடங்குகள் ஆதலால், n எதுவாயினும் 21n + 4 ஆனது 7ஆல் வகுபடும்போது 4ஐயும், 14n + 5 ஆனது 5ஐயுமே மீதியாகத் தரும். பின்னம் ஒருபோதும் சுருங்காது. கழித்தல் தருவது பொ.கா.பெ. இன் மேல் எல்லையை மட்டுமே, அந்த எல்லை எட்டப்படுமா என்பதை மீதியே தீர்மானிக்கிறது. 3, 9, 5 ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்துக் கேட்கும் வினாக்காரரே தேர்ந்தவர் எனலாம். 1ஐ இட்டுக் கேட்பவர் அவசரக்காரர், ஏனெனில் (21n + 4)/(14n + 1) முதற் பிரதியீட்டிலேயே 25/15 ஆகி, வினாவின் இரகசியத்தை வெளியிட்டுவிடுகிறது.