ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு?

கோவண்டியில் ஒரு வீட்டு அடுக்களையிலிருந்து தமிழில் சமையல் வீடியோ போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் அவருக்கு ஒரு லட்சம் பார்வைகள் வருகின்றன. அவற்றில் 40,000 பார்வைகளில்தான் விளம்பரம் ஓடியது. சிலவற்றில் இரண்டு ஓடியதால் காட்டப்பட்ட விளம்பரங்கள் 50,000. விளம்பரதாரர்கள் கொடுத்தது மொத்தம் 4,800 ரூபாய்.

யூடியூப் கணக்கில் இந்த ஒரே தொகை மூன்று முகம் காட்டும். ஆயிரம் விளம்பரத்துக்கு 96 ரூபாய் என்பது CPM. விளம்பரம் ஓடிய ஆயிரம் பார்வைக்கு 120 ரூபாய் என்பது Playback-based CPM. இரண்டுமே விளம்பரதாரர் கட்டும் விலை. யூடியூப் தன் பங்கை எடுப்பதற்கு முந்தையது. நீள வீடியோ விளம்பரத்தில் படைப்பாளிக்கு 55 சதவீதம், அதாவது 2,640 ரூபாய். பிரீமியம் சந்தாவில் 160 ரூபாய் வந்தால் மொத்தம் 2,800. அதை ஒரு லட்சம் பார்வைக்கும் பங்கிட்டால் RPM 28 ரூபாய்தான்.

120-ஐப் பார்த்து, ஒரு லட்சம் பார்வைக்கு 12,000 ரூபாய் வரும் என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

RPM, யூடியூப் ஸ்டுடியோவின் Analytics பகுதியில் Revenue தாவலில் இருக்கிறது. இரண்டு வகை CPM-ஐயும் Advanced mode அட்டவணையில் பத்திகளாகச் சேர்த்துப் பார்க்கலாம். வீட்டுக் கணக்குக்கு RPM நேர்மையானது: விளம்பரம் ஓடாத பார்வையையும் எண்ணுகிறது, யூடியூபின் பங்கையும் கழித்துவிடுகிறது. ஆனால் காரணம் சொல்லாது. RPM இறங்கினால் விளம்பர விலை விழுந்ததா, விளம்பரம் ஓடிய பார்வைகள் குறைந்ததா, ஷார்ட்ஸ் பார்வைகள் பெருகிச் சராசரியை இழுத்ததா என்று தெரியாது. வருமானம் கூடிய மாதத்திலேயே அது இறங்கவும் கூடும். கடைக்காரர் நேரடியாகக் கொடுத்த விளம்பரப் பணமும் இதில் சேராது.

அந்தக் காரணத்தைத் தேடத்தான் CPM வேண்டும். தீபாவளிக்கு முன் விளம்பரப் போட்டி கூடினால் முதலில் அசைவது அதுதான். CPM நிலையாக இருந்து RPM மட்டும் விழுந்தால், பார்வைகளின் கலவை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வீடியோவையும் ஷார்ட்ஸையும் தனித்தனியே பிரித்தால் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

Analytics அறிக்கையின் பெரிய குறை வேறு. அதில் உள்ள வருமானமும் அதிலிருந்து பிறக்கும் RPM-உம் மதிப்பீடுகளே. செல்லாத பார்வைகளைக் கழித்த முடிவான தொகை, அடுத்த மாதம் 7 முதல் 12-ஆம் தேதிக்குள் ஆட்சென்ஸ் கணக்கில் ஏறுகிறது. அமெரிக்கப் பார்வையாளரால் வந்த வருமானத்துக்கு அந்நாட்டு வரிப் பிடித்தம் உண்டென்றால், அதுவும் ஆட்சென்ஸில்தான் தெரியும், ஸ்டுடியோவில் தெரியாது. வாடகைக்கோ புதுக் கேமராத் தவணைக்கோ வாக்குக் கொடுக்கும் முன் ஆட்சென்ஸ் தொகையைப் பாருங்கள்.