விலகும் வழியும் அதற்கு வைத்த விலையும்

மருத்துவப் படிப்புக்கான அகில இந்திய ஒதுக்கீட்டில் தனக்குக் கிடைத்த சீட்டை வேண்டாமென்று சொல்லும் உரிமை ஒவ்வொரு மாணவனுக்கும் உண்டு. ஆனால் அந்த உரிமைக்குரிய விலை, அதை அவன் எந்தச் சுற்றில் பிரயோகிக்கிறான் என்பதைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகிறது. முதல் சுற்றில் இடம் ஒதுக்கப்பட்டவன் கல்லூரிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டாலும் அவனுடைய டெபாசிட்டுக்குப் பங்கமில்லை. இரண்டாம் சுற்றில் அப்படிச் செய்தால் டெபாசிட் போய்விடும். மூன்றாம் சுற்றில் டெபாசிட்டுடன் மேற்கொண்டு கலந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடும். எஞ்சிய இடங்களுக்கான கடைசிச் சுற்றிலோ, பணம் போவதோடு நில்லாமல், அடுத்த நீட் தேர்வை எழுதுவதற்கே தடை வந்து சேரும். அரசுக் கல்லூரி இடங்களுக்கு இந்த டெபாசிட் பொதுப் பிரிவினருக்கு 10,000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எல்லோருக்கும் 2 லட்சம். பதிவுக் கட்டணம் தனி. அது எந்தச் சந்தர்ப்பத்திலும் திரும்பி வராது.

இவ்வாறு படிப்படியாக உயரும் தண்டனைக்குள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் ஒருவன் விட்ட இடம் இரண்டாம் சுற்றில் இன்னொருவனுக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. கடைசிச் சுற்றில் விட்ட இடத்தை எடுத்துக்கொள்ள அதற்கப்பால் ஒரு சுற்று இல்லாமையால், அரசாங்கம் பெருஞ்செலவில் உண்டாக்கிய ஒரு மருத்துவ இடம் அந்த ஆண்டு வெறுமையாகவே கிடந்துவிடும். விலகுகிறவனால் பிறருக்கு விளையும் நஷ்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குத் தண்டனையும் கூட வேண்டும் என்பது கொள்கையளவில் மறுக்க முடியாத ஏற்பாடு. முன்னாளில் அகில இந்திய இடங்கள் இரண்டு சுற்றுகளுக்குப் பின் மாநிலங்களுக்கே திரும்பிவிடும். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் நான்கு சுற்று முறைக்குச் சம்மதம் தந்த பின்பு அந்த வழக்கம் நின்றுபோய், இடங்கள் கடைசிவரை மத்தியக் கலந்தாய்விலேயே நிற்பதால், விலகலுக்கு விதிகள் வகுப்பது முன்னைவிட அவசியமாகவும் ஆயிற்று.

குறை கொள்கையில் இல்லை. அது நடைமுறையில் யார்மேல் போய் விழுகிறது என்பதில் இருக்கிறது. ஓர் உதாரணம் கற்பித்துக்கொள்வோம். தேனி மாவட்டத்து மாணவி ஒருத்திக்கு அகில இந்திய ஒதுக்கீட்டின் இரண்டாம் சுற்றில் வடக்கே தூரத்து மாநிலமொன்றின் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டுத் தரவரிசையிலும் அவள் இருக்கிறாள். மாநிலத்து இரண்டாம் சுற்றில் மதுரையோ திருநெல்வேலியோ கிடைக்கலாம் என்பது அவளுடைய மதிப்பீடு. ஆனால் மாநிலச் சுற்று பொதுவாக மத்தியச் சுற்றுக்குப் பின்னால் வருவது. மத்தியச் சுற்றில் சேர்வதற்குக் கொடுத்த கெடுவோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்தால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைத்துக் கட்டணமும் கட்டியாக வேண்டும். பின்னர் ஊரில் இடம் கிடைத்தால், விலகுவதற்கென்று குறித்த சில நாட்களுக்குள் மறுபடியும் அவ்வளவு தூரம் போய்ச் சான்றிதழ்களை மீட்க வேண்டும். டெபாசிட்டும் கைவிட்டுப் போகும். சேராமல் இருந்தாலும் டெபாசிட் போகும். ஊரிலும் இடம் கிடைக்காவிட்டால் இரண்டுங் கெட்ட நிலைதான். இந்தப் பெண் யாருடைய இடத்தையும் சதி செய்து பிடித்துவைத்தவள் அல்லள். இரண்டு அதிகாரிகளின் நாட்காட்டிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத குற்றத்துக்கு அவள் அபராதம் கட்டுகிறாள்.

உண்மையாகவே சதி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் மெய். சேரும் உத்தேசமே இல்லாத மாணவர்களின் பெயரில் நல்ல இடங்களை எடுத்துவைத்துக் கடைசி நேரத்தில் கைவிட்டு, அவை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு வரும்படி செய்வதாக எழுந்த புகாரின்பேரில், பொறியியல் இடங்கள் சம்பந்தமாக 2024-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரில் போலீஸ் வழக்கே பதிவாயிற்று. இத்தகைய பேரத்தில் டெபாசிட் தொகை, செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதப்பட்டு, இடத்தை வாங்குகிறவனிடமே வசூலாகிவிடும். தரகனுக்கு 2 லட்சம் ஒரு பொருட்டல்ல. சம்பளக்காரத் தகப்பனாருக்கோ 10,000 ரூபாயும் ஒரு பொருட்டு. எல்லோருக்கும் ஒரே தொகை என்ற சமத்துவம் இங்கே யாரை அச்சுறுத்த வேண்டுமோ அவரை அச்சுறுத்தாமல் விடுகிறது.

இதைவிடவும் எளிதில் திருத்தக்கூடிய ஒரு பிழை, விலகுவதை எப்போது அறிவித்தாலும் அந்தச் சுற்றுக்குரிய நஷ்டம் ஒன்றாகவே இருப்பது. இரண்டாம் சுற்றின் முடிவு வந்த மறுநாளே தன் சம்மதமின்மையை ஒருவன் எழுதிக்கொடுத்தாலும், கெடு முடியும்வரை வாய் திறவாமல் இருந்துவிட்டாலும், பறிபோவது முழு டெபாசிட்டே. முன்கூட்டிச் சொல்வதில் அவனுக்குக் காலணா பிரயோஜனமும் இல்லாதபோது ஏன் சொல்லப் போகிறான்? பல்கலைக்கழக மானியக் குழு சாதாரணப் படிப்புகளுக்கு 2018-இல் வகுத்த விதியைப் பாருங்கள்: சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய்க்குள் ஒரு சிறு கழிவு போக மீதியெல்லாம் திரும்பும், அதற்குப் பிந்தினால் 90, பின்னர் 80, பின்னர் 50 சதவீதம், கடைசி நாளுக்குப் பின் முப்பது நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. அந்த ஏணியில் ஒவ்வொரு படியும், ‘சீக்கிரம் சொல்’ என்று மாணவனைத் தூண்டுகிறது. மருத்துவக் கலந்தாய்வின் விதியில் அந்தத் தூண்டுதல் இல்லை.

டெபாசிட் திரும்பும் விதத்தையும் சற்றே பார்க்க வேண்டும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே அது திரும்பிப் போகும். இதில் தவறொன்றுமில்லை, ஆனால் நம் ஊர்களில் இந்தக் கட்டணத்தைக் கட்டுவது எத்தனையோ வீடுகளில் தகப்பனார் அல்லர், பிரௌசிங் சென்டர்காரர். அவருடைய கார்டிலிருந்து கட்டிவிட்டு ரொக்கத்தை வாங்கிக்கொள்கிறார். மாதங்கள் கழித்து, கலந்தாய்வெல்லாம் முடிந்த பின், திரும்பும் பணம் அவர் கணக்கில் வந்து நிற்கிறது. நேர்மையான மனிதராயின் கூப்பிட்டுக் கொடுப்பார். இல்லாவிட்டால் யாரிடம் முறையிடுவது? சேர்ந்தபின் ராஜினாமா செய்கிறவனுக்கு இன்னொரு கண்ணி உண்டு: கல்லூரியில் கடிதம் எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது, கல்லூரி அதை மத்தியக் கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில் ஏற்றி, அங்கே உண்டாகும் ராஜினாமாக் கடிதத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும். அது இல்லாதவரையில், அவன் ஊர் திரும்பிவிட்டாலும், ஏட்டில் அந்த இடத்தை வகிப்பவன் அவனே.

முதுநிலை மருத்துவப் படிப்புகளில் இடம்பிடித்தல் பற்றி 2025-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டெபாசிட் பறிமுதலையும் தேர்வுத் தடையையும் கடுமையாக்கச் சொன்னதோடு, அகில இந்தியச் சுற்றுகளும் மாநிலச் சுற்றுகளும் ஒரே நாட்காட்டியின்படி நடக்க வேண்டுமென்றும், ஒவ்வொரு கல்லூரியும் தன் கட்டணத்தைக் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டுமென்றும் உத்தரவிட்டது. அபராதத்தை உயர்த்துவது ஒரு சுற்றறிக்கையில் முடிந்துவிடும் காரியம். நாட்காட்டியை இணைப்பதற்கோ எல்லா மாநிலங்களின் இசைவும் வேண்டும். ஆகவே எளியதைச் செய்துவிட்டு அரியதை ஒத்திப்போடும் சபலம் அதிகாரிகளுக்கு எப்போதும் உண்டு. என் அபிப்பிராயத்தில் வரிசை மறுதலையாக இருக்க வேண்டும்: இரண்டாம் சுற்றின் சேர்க்கைக் கெடு மாநிலத்து முடிவு வெளியான பிறகே முடியும்படி செய்த பின்புதான், அந்தச் சுற்றில் பறிக்கும் டெபாசிட்டை நியாயமான தண்டனை என்று சொல்லலாம்.