அடிச்சோற்றின் மணம்

உயிலங்குளத்தில் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி, மேற்படிப்புக்காக இங்கிலாந்து போன முதல் மாதத்திலேயே எனக்கு ஒரு கவிதை அனுப்பினாள். தனியே சமைத்த முதற்சோற்றைப் பற்றிய கவிதை. ‘பதம்’ என்பது தலைப்பு. மொத்தம் 19 வரிகள். இந்தப் பொருளில் எழுதப்படும் கவிதைகள் எப்படிப் போகும் என்று வாசிக்க முன்னரே நமக்குத் தெரியும். கறி கொதிக்கும், மணம் எழும்பும், அம்மாவின் முகம் வரும், கண் கலங்கும். இவளுடைய கவிதையில் கறி கொதிக்கிறது, மணமும் எழும்புகிறது, ஆனால் வீடு வரவில்லை. சோறு அடிப்பிடிக்கும்போதுதான் வீடு வருகிறது. பிழையாகிப் போன சமையல்தான் அவளை ஊருக்குக் கொண்டுபோகிறது. அது எப்படி நிகழ்கிறது என்று பார்ப்பதற்காகவே கவிதையைப் பலமுறை வாசித்தேன்.

முதல் ஏழு வரிகளும் கறிக்கு. அம்மா வறுத்து இடித்துக் கட்டிக் கொடுத்த கறித்தூள், மூன்று பைக்குள் சுற்றி வந்திருக்கிறது. ரின்மீன் ஒன்று, வெங்காயம், உள்ளி, கொஞ்சம் வெந்தயம். பழப்புளி கிடைக்கவில்லை, எலுமிச்சை இருக்கிறது. இந்த இடத்தில் அவளுக்குச் சமையல் தெரியும் என்பது தெரிகிறது. புளியைப் போல எலுமிச்சையைக் கொதிக்கும் குழம்பில் விட்டால் கைத்துப் போகும். அதன் வாசமும் ஆவியோடு போய்விடும். இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். கவிதையிலும் எலுமிச்சை, சட்டி இறங்கிய பிறகுதான் வருகிறது. வெந்தயமும் கருகவில்லை, பொன்னிறத்தோடு நிற்கிறது. தூளின் பச்சை வாசம் போகும்வரை குழம்பு கொதிக்கிறது. எல்லாம் முறைப்படி நடக்கிறது. ஆனாலும் எட்டாவது வரியில், இது யாரோ ஒருவர் வீட்டுக் கறி என்கிறாள்.

அம்மாவின் அதே தூள், அம்மாவின் அதே முறை. பிறகு ஏன் யாரோ வீட்டுக் கறி? கவிதை காரணம் சொல்லவில்லை, விவரங்களால் காட்டுகிறது. விடுதிக் குசினியில் சாமான்கள் ஒவ்வொன்றாக மணக்கின்றன: முதலில் உள்ளி, பிறகு வெந்தயம், பிறகு தூள். நம்முடைய குசினியில் எதுவும் தனியே மணப்பதில்லை. விறகுப் புகை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். மாரியில் ஈர விறகு என்றால் புகைக்கு ஒரு மணம், கோடையில் பனமட்டை என்றால் இன்னொரு மணம். பக்கத்து வளவில் நெல் அவித்தால் அந்த ஆவியும் வந்து சேரும். இத்தனையும் கலந்ததைத்தான் ‘அம்மாவின் கறி’ என்று நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தூள் கடல் கடந்து போகலாம், புகை போகாது. அவள் ‘புகை இல்லை’ என்று எழுதியிருந்தால் அது ஒரு தகவலாக நின்றிருக்கும். வாசங்களை வரிசையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, எது இல்லை என்பதை நம் மூக்கே கண்டுபிடிக்கும்படி விட்டிருக்கிறாள்.

ஒன்பதாவது வரியில் சோறு தொடங்குகிறது. ‘ஒரு சுண்டு’ அரிசி. இது பால்பேணியால் அளக்கும் நம் ஊர்க் கணக்கு. வெளியூர் வாசகருக்குப் புரியாது, ஒரு சொல் விளக்கம் சேர்க்கலாமே என்று எழுதினேன். “ரீச்சர், அம்மா அளக்கிறதை நான் எப்படி கிராமில சொல்லுறது?” என்று பதில் வந்தது. அவள் சொன்னதுதான் சரி. அங்கே அவளிடம் சுண்டு இல்லை, தேநீர்க் கோப்பை ஒன்றுதான் இருந்தது. கோப்பையில் அரிசியைப் போட்டு, இவ்வளவுதான் சுண்டு என்று கையால் மதித்திருக்கிறாள். அளவும் நினைவிலிருந்தே வருகிறது என்பதை அந்த ஒரு சொல் தாங்கி நிற்கிறது.

இனி வருவது கவிதையின் நடு இடம். உயிலங்குளம் வயல் ஊர். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளையும் நெல்லை நம்பி வாழும் பக்கம். எங்கள் வீடுகளில் சோற்றை வற்றவிட்டுச் சமைப்பதில்லை, வடிப்போம். அரிசி வெந்ததும் மூடியைச் சாய்த்துப் பிடித்துக் கஞ்சியை வடித்து, கொள்ளியை இழுத்துவிட்டு, மிஞ்சிய தணலில் பானையைக் கொஞ்ச நேரம் வைப்போம். அந்தத் தணலில்தான் சோற்றின் ஈரம் உலர்ந்து பருக்கை பிரியும். தணல் தானாகவே ஆறிக்கொண்டு போவதால் பானைக்குக் காவல் வேண்டாம். அம்மா அந்த நேரத்தில் கோழியை அடைக்கப் போவா, கிணற்றடிக்குப் போவா.

மாணவியும் அப்படியே செய்கிறாள். கஞ்சியை வடிக்கிறாள். கொள்ளி இல்லாததால் பொத்தானைத் திருப்பி அடுப்பை நிறுத்துகிறாள். நிறுத்திய தட்டின்மேல் பானையைத் திரும்ப வைக்கிறாள். கையின் பழக்கம் அது. ஆனால் மின்னடுப்பின் இரும்புத் தட்டு தணல் அல்ல. நிறுத்தினாலும் சூட்டை உடனே விடாது, பல நிமிடம் பிடித்து வைத்திருக்கும். வடித்த சோற்றில் எரிவைத் தாங்கத் தண்ணீரும் இல்லை. விடுதிப் பானையின் அடியோ மெல்லிய தகரம். அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறாள்.

சமையல் தெரிந்த ஒருவருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும், சோறு பிடிக்கப் போகிறது என்று. தெரியாதவருக்கு மணம் வரும்போதுதான் தெரியும். இரண்டு வகை வாசகருக்கும் கவிதை இடம் வைத்திருக்கிறது. ‘கொள்ளி இல்லை, இழுக்க’ என்பது அந்த வரி. இழுக்க என்ற சொல்லைக் கடைசியில் வைத்ததால், இல்லாத கொள்ளியைத் தேடி ஒரு கை நீண்டு, வெறுமனே நிற்பது போல வாசிப்பு நிற்கிறது.

பிறகு வாசம் வருகிறது. அதை அவள் எரிந்த மணம் என்றோ கருகல் என்றோ எழுதவில்லை. ‘காந்தல்’ என்கிறாள். கருகல் எதற்கும் பொருந்தும், துணிக்கும் பொருந்தும். காந்தல் பானையின் அடியில் பொன்னும் கறுப்புமாய்ப் பிடிக்கும் சோற்றுக்கே உரிய சொல். அந்த ஒரு சொல்லோடு குசினி மாறிவிடுகிறது. அடுத்த இரண்டு வரிகளில் கோழி கூட்டுக்குள் போகிறது, கிணற்றுக் கப்பி சத்தமிடுகிறது. அம்மா அந்த வரிகளில் இல்லை, அம்மா போன இடங்கள் மட்டும் இருக்கின்றன. தேடிச் சமைத்த கறியில் கிடைக்காத புகை, தேடாத இந்தச் சோற்றின் அடியிலிருந்து கிடைத்துவிட்டது.

இதை வாசித்தபோது எனக்குக் குறுந்தொகையின் 167ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. புதுமனைவி தயிரைக் கையால் பிசைந்து புளிக்குழம்பு வைக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. கணவன் நல்லாயிருக்கிறது என்று உண்கிறான், அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலி, இதையெல்லாம் பெற்ற தாய்க்குச் சொல்கிறாள். பிறந்த வீட்டை விட்டுப்போன பெண், பழகாத அடுப்பு, கண்ணில் புகை, தொலைவில் கவலையோடு இருக்கும் ஒரு தாய். என் மாணவியின் கவிதையிலும் இவை அத்தனையும் உண்டு. ஆனால் உண்டு பார்த்து இனிது என்று சொல்ல எதிரில் ஒருவரும் இல்லை. சேதி கொண்டுபோகச் செவிலியும் இல்லை.

அதனால் அந்த இரண்டு வேலையையும் அவளே செய்கிறாள். அங்கே இரவு 7 மணி, இங்கே நள்ளிரவு தாண்டி 12.30. அம்மா விழித்திருக்கிறா. “சோறு எப்பிடி வந்தது பிள்ளை?” என்று கேட்கிறா. ‘பதமா வந்தது’ என்று மகள் சொல்கிறாள். கவிதையின் தலைப்பு இந்தப் பொய்யிலிருந்து வந்தது. கணவன் சொன்ன ‘இனிது’ம் செவிலி சொன்ன சேதியும் இந்த ஒரு வாக்கியத்தில் சேர்ந்துவிட்டன. குறுந்தொகை அவளுக்கு நினைவில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் நான் அதைப் படிப்பித்திருக்கிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதல் வடிவம் 30 வரிக்கு மேல் இருந்தது. அதில் ‘தாய்மண்’ இருந்தது, ‘ஏக்கம்’ இருந்தது, ‘கண்ணீர் வடிந்தது’ இருந்தது. கண்ணீரை எடுத்துவிடு என்று மட்டும் எழுதினேன். கஞ்சி வடிவதற்கு ஏற்கெனவே ‘வடி’ இருக்கிறது. வாசகர் அந்தச் சொல்லைக் கேட்கும்போது மற்ற வடிதலும் சேர்ந்தே கேட்கும், இரண்டையும் எழுதினால் இரண்டும் மெலியும். அவள் கண்ணீரை எடுத்தாள். தாய்மண்ணும் ஏக்கமும் அதன் பின்னால் தாமாகவே போய்விட்டன. இப்போதும் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. யன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது என்ற வரி. புலம்பெயர்ந்தோர் கவிதைகளில் இத்தனை காலமாகப் பெய்துகொண்டிருக்கும் பனி அது, அவள் கண்ட பனி அல்ல. அந்தக் குசினியில் அவள் மூக்கால் கண்டவை எல்லாம் அவளுடையவை, கண்ணால் கண்ட இந்த ஒன்று மட்டும் இரவல்.

கடைசி மூன்று வரிகளுக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் மேற்சோறு பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும். அடிச்சோற்றை அம்மா அகப்பையால் சுரண்டி, குழம்புச் சட்டியிலேயே போட்டுப் பிரட்டி, கடைசியாகச் சாப்பிடுவா. காந்தலின் மணம் பிள்ளைகளுக்குத் தெரியும், அதன் சுவை தெரியாது. தனியே சமைப்பவளுக்கு மேற்சோறும் அவளுக்கே, அடிச்சோறும் அவளுக்கே. தொலைபேசியை வைத்துவிட்டுக் கரண்டியால் பானையைச் சுரண்டி, முதல்முறையாகக் காந்தலை வாயில் போடுகிறாள். அது எப்படி இருந்தது என்று சொல்ல ஒரே ஒரு சொல் வைத்திருக்கிறாள்: ‘கைச்சல்’. அதோடு கவிதை முடிகிறது.

எலுமிச்சையைக் கொதியில் விடாமல், வெந்தயத்தைக் கருகவிடாமல், கறியில் கைச்சல் வராமல் அவ்வளவு கவனமாகக் காத்தவள் அவள். அந்தச் சுவை பானையின் அடியில் அவளுக்காகக் காத்திருந்தது. இத்தனை வருடமாக அம்மா சாப்பிட்டது இதைத்தான் என்று அவள் எழுதவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டுதான் அந்த வரியை வாசித்தேன். அன்றைக்கு என் பானையின் அடியைச் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.