நிரம்பிய அட்டவணையின் ஓட்டைகள்

சென்னையின் ஐ.டி. நிறுவனங்களில் சனிக்கிழமை டிரைவ் என்றால் அதற்கு முன்னால் ஒரு எக்செல் தாள் இருக்கும். மேலே பேனல்களின் பெயர்கள், இடது ஓரத்தில் நேரம், நடுவில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விண்ணப்பதாரர். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கட்டமும் காலியாக இல்லாவிட்டால் எச்.ஆர். குழுவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி காலை 11 மணி வரைகூடத் தாங்குவதில்லை. ஒருபுறம் நான்கு பேர் வரவேற்பறையில் காத்திருப்பார்கள். மறுபுறம் ஒரு பேனல் ஆளில்லாமல் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கணக்கு எளிது. ஐந்து பேனல்கள், 45 நிமிட ஸ்லாட்டுகள். காலை 9:30 முதல் 12:30 வரை நான்கு, சாப்பாட்டுக்குப் பின் 1:15 முதல் 5:00 வரை ஐந்து. ஆக 45 பேர். இந்த முறைக்கென்று நல்ல குணங்கள் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள் என்பது முன்பே தெரிவதால் பேனல் ரெஸ்யூமேவைப் படித்துவிட்டு வரலாம். ஒரு முடிவைப் பற்றிக் கேள்வி எழுந்தால் யாரைக் கேட்பது என்பதிலும் குழப்பமில்லை. வழக்கமான வேலை நாளில் நாலைந்து பேரை மட்டும் பார்க்கும்போது இதைவிட நல்ல முறை தேவைப்படாது.

ஆள் கூடும்போதுதான் முறை தடுமாறுகிறது. மூன்றாவது பேனலின் காலையை எடுத்துக்கொள்வோம். முதல் நேர்காணல் 50 நிமிடம் ஓடுகிறது, ஃபீட்பேக் எழுத இன்னும் ஐந்து நிமிடம். 10:15-க்கு வரச்சொன்னவர் 10:25-க்கு உள்ளே போகிறார். அவருக்கு 40 நிமிடமும் ஃபீட்பேக்குக்கு ஐந்தும் போக, 11 மணிக்காரர் 11:10-க்குத் தொடங்குகிறார். அவருடையதும் 50 நிமிடம் இழுக்க, 11:45-க்காரருக்கு 12:05-க்குத்தான் கதவு திறக்கிறது. தாமதம் பின்னால் வருபவரின் தலையில் ஏறிக்கொண்டே போகிறது. அதே காலையில் நான்காவது பேனலுக்கு 10:15-க்கு வரவேண்டியவர் வரவே இல்லை. 11 மணிக்காரரோ 20 நிமிடத்திலேயே முடிந்துவிட்டார். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வீண். மிச்சமான நிமிடங்களை யாரும் அடுத்தவருக்குத் தருவதில்லை, கூடுதலாக ஓடிய நிமிடங்கள் மட்டும் அடுத்தவரிடம் போய்ச் சேர்கின்றன. சராசரியாக 45 நிமிடம்தான் ஆகிறது என்று ஆதாரம் காட்டினாலும் மாலைக்குள் அட்டவணை பிந்திவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இதே இரு பேனல்களையும் ஒரே வரிசைக்குப் பொதுவாக்கிப் பாருங்கள். 10:15-க்குக் காத்திருந்தவரை, ஆள் வராததால் ஓய்ந்திருக்கும் நான்காவது பேனல் அப்போதே அழைத்துக்கொள்ளும். அவர் 10:55-க்கு முடிக்க, ஃபீட்பேக்கும் 11 மணிக்குள் முடிந்துவிடும். மூன்றாவது பேனலோ 10:25-க்கே காலி. 11 மணிக்காரர்கள் இருவரும் சரியான நேரத்துக்குத் தொடங்குவார்கள். 11:45-க்காரர்களில் ஒருவர் நேரத்துக்கும் இன்னொருவர் பத்து நிமிடம் தள்ளியும் போவார், அவ்வளவுதான். முன்பு மூவர் சேர்ந்து காத்திருந்தது 40 நிமிடம், இப்போது பத்து. கூடுதலாக ஒரு ஆளோ அறையோ தேவைப்படவில்லை. விண்ணப்பதாரருக்கு நேரத்தை மட்டும் சொல்லி, பேனலைக் கதவருகே சொன்னாலே போதும். யு.பி.எஸ்.சி. ஆளுமைத் தேர்விலும் முற்பகல், பிற்பகல் என்று அமர்வுதான் முன்கூட்டித் தெரியும். எந்தக் குழுவின் முன் உட்காரப்போகிறோம் என்பது அன்றுதான் தெரியும். அங்கே அதற்குக் காரணம் பாரபட்சத்தைத் தவிர்ப்பது என்றாலும், டிரைவுக்கும் அந்த ஏற்பாடு பொருந்தும்.

பொது வரிசைக்கும் குறை உண்டு. ஜாவா ஆளை டேட்டா இன்ஜினியரிங் பேனலிடம் அனுப்ப முடியாது. ஐந்தையும் கலக்காமல், ஒரே திறனைப் பார்க்கும் இரண்டு மூன்று பேனல்களை மட்டும்தான் சேர்க்கலாம். ரெஸ்யூமேவை முன்பே படிக்கும் வசதியும் போய்விடும். ஒரு பேனல் கறார், ஒன்று தாராளம் என்றால் யார் கையில் சிக்குவது என்பது அதிர்ஷ்டமாகிவிடும். முறையான மதிப்பெண் படிவம் இல்லாத இடத்தில் இந்தக் கடைசிக் குறை பெரிது.

அடுத்த தலைவலி, நேரம் மாற்றக் கேட்பவர்கள். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றிருக்கும் துறையில் விண்ணப்பதாரர் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறார், கையில் வேறொரு ஆஃபரும் இருக்கலாம். வெள்ளி இரவு ஒரு ரிலீஸ் வந்துவிட்டால் சனிக்கிழமை 10 மணிக்கு அவரால் வரமுடியாது. இதை ஆர்வமின்மை என்று குறித்துவைக்கும் வழக்கம் நியாயமற்றது என்பது என் கருத்து. சொல்லாமல் நின்றுவிடுபவரைவிட, மாற்றக் கேட்பவர் நமக்கு ஒரு கட்டத்தையாவது மீட்டுத் தருகிறார். ஆனால் அவருக்கு இடம் கொடுக்க இன்னொருவரை நகர்த்தி, அந்த இன்னொருவருக்காக மூன்றாமவரிடம் கெஞ்சி, இரவு 9 மணிக்கு ஆறு பேருக்குப் போன் செய்வதுதான் நடைமுறையில் நடப்பது. உறுதிசெய்தவரை நகர்த்துவதில்லை என்ற ஒரே விதி இந்தச் சங்கிலியை அறுத்துவிடும். மாற்றக் கேட்பவருக்குக் கிடைப்பது வேறொருவர் விட்டுப்போன கட்டம். அதுவும் இல்லையென்றால் அடுத்த டிரைவ்.

விண்ணப்பதாரரே லிங்க்கில் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை போன் அழைப்புகளைக் குறைக்கிறது, அது மெய்யான லாபம். ஆனால் எல்லா நேரத்தையும் ஒரேயடியாகத் திறந்துவைத்தால் பலரும் 11 மணிக்கு மேல்தான் தேடுவார்கள். 9:30 ஸ்லாட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலி கிடக்கும், பேனல்களோ காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கும். காலை நேரங்களை முதலில் திறந்து, அவை ஓரளவு நிரம்பிய பிறகு பிற்பகலைத் திறப்பது இதற்கு மருந்து.

காலிக் கட்டங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் அது வீண் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சிலர் இடைவெளி விடுகிறார்கள், ஆனால் நாளின் கடைசியில். 4:15-க்கு விடும் இடைவெளி 11:45-க்குக் காத்திருப்பவருக்கு ஒரு பயனும் தராது. ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு கட்டம் வீதம், முதலாவதற்கு 11:00, இரண்டாவதற்கு 11:45, மற்றவற்றுக்கு 2:00, 2:45, 3:30 என்று சாய்வாக விட்டால், தாமதம் சேரத் தொடங்கும் நேரங்களில் ஏதாவதொரு பேனல் ஏந்திக்கொள்ளும். 45-க்குப் பதில் 40 பேர். காலைக் காலிகளை எவருக்கும் தரக்கூடாது. பிற்பகல் காலிகளை மட்டும், அதுவும் மதியம் நிலவரம் பார்த்த பிறகு, வேறு இடம் கிடைக்காதவருக்குத் தரலாம். முன்தினமே விற்றுவிட்டால் அது இடைவெளி அல்ல, இன்னொரு ஸ்லாட்.

வராதவர்களை எதிர்பார்த்து ஒரே நேரத்துக்கு இருவரை வரவழைக்கும் வழியும் உண்டு. 1952-இல் பெய்லி, வெல்ச் என்ற இருவர் மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவுக்கு, தொடக்கத்தில் இரண்டு நோயாளிகள், பிறகு சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவர் என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். மருத்துவர் சும்மா இருக்கக்கூடாது என்பது அதன் நோக்கம், அதற்கான விலையை நோயாளி காத்திருந்து கொடுக்கிறார். நேர்காணலில் காத்திருப்பவரோ அங்கேயே உட்கார்ந்து நிறுவனத்தை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். 9:30-க்கு ஒருவரைக் கூடுதலாக அழைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நாள் முழுக்கச் செய்வது அநியாயம்.

எக்செல் தாளில் பேனலுக்கு ஒரு பத்தி இருக்கிறது, விண்ணப்பதாரரின் நாளுக்கு இல்லை. முதல் சுற்றை 10:15-க்கு முடித்துத் தேறியவர் மேனேஜர் சுற்றுக்காக 3 மணி வரை உட்கார்ந்திருப்பது அதில் எங்கும் தெரியாது. அவர் மதியம் எழுந்துபோய்விட்டால் 'டிராப்' என்று ஒரு சொல் விழும். முதல் சுற்று முடிந்து முக்கால் மணிக்குள் இரண்டாம் சுற்று தொடங்கும்படி மேனேஜர்களை 10:30-க்கே வரவழைக்க முடியாத நிறுவனம், இரு சுற்றையும் ஒரே நாளில் வைப்பதாக அறிவிக்கவே கூடாது. வந்த நேரம், அழைத்த நேரம், அனுப்பிய நேரம் என்று மூன்று பத்திகளை அடுத்த டிரைவிலிருந்தே சேர்த்துவிடுங்கள். 45 பேரை அழைத்த நாளையும் 40 பேரை அழைத்த நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள்.