பின்பக்கத்திலிருந்து படிப்பது

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருபவர்களிடம் அனுபவசாலிகள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படி. தலைவரின் கடிதத்தையும் வண்ணப் படங்களையும் விட்டுவிட்டு, நேராகத் தணிக்கை அறிக்கைக்கும் கணக்குக் குறிப்புகளுக்கும் போ என்பார்கள். நானும் அப்படித்தான் படிக்கிறேன். முன்பக்கத்தில் நிர்வாகம் தனக்குப் பிடித்ததைச் சொல்லலாம். பின்பக்கத்தில் சட்டம் கேட்பதைச் சொல்லியாக வேண்டும், அதன் கீழே தணிக்கையாளர் கையெழுத்தும் இருக்கும். யோசனையின் பலம் அங்கேதான். ஆனால் அந்தப் பின்பக்கமே நூறு பக்கத்துக்கு மேல் நீளும். அதில் எதை முதலில் படிப்பது, இந்த வழி எங்கே கைவிடும் என்பதைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

தணிக்கை அறிக்கையின் முதல் பத்தியே தணிக்கையாளரின் கருத்து. கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று நிபந்தனையின்றிச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் நிம்மதியோடு பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ‘இன்ன விஷயம் நீங்கலாக’ என்று ஒரு தொடர் நுழைந்திருந்தால் மட்டும் நிற்பார்கள். நான் ஒரு படி மேலே சொல்வேன்: கருத்து சுத்தமாக இருந்தாலும் அந்த அறிக்கையோடு வரும் இணைப்பைப் படிக்காமல் நகரக்கூடாது. 2020ஆம் ஆண்டின் ஆணை ஒன்றின்படி தணிக்கையாளர் அதில் குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத வேண்டும். சந்தையில் இதைச் சுருக்கமாகக் ‘காரோ’ என்பார்கள். வங்கிக் கடனைத் திருப்பித் தருவதில் தவறியதா? பிஎஃப், ஜிஎஸ்டி போன்ற பாக்கிகள் ஆறு மாதத்துக்கு மேல் கட்டப்படாமல் நிற்கின்றனவா? குறுகிய காலக் கடனை எடுத்து நீண்ட காலச் செலவுக்குப் போட்டார்களா? ஆண்டின் நடுவே தணிக்கையாளர் விலகினாரா? ஐந்து கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு உள்ள நிறுவனமானால், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த பட்டியல் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா?

கருத்துப் பத்தியில் இடம்பெறாத சங்கடங்கள் பல இங்கே சாதாரண வாக்கியமாகக் கிடக்கும். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த விரிவான பதில்கள் தனி நிறுவனக் கணக்குடன்தான் வரும். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் இவை முழுமையாக இருக்காது. ஒருங்கிணைந்ததை மட்டும் படித்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இணைப்பைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

அடுத்து நான் திறப்பது வாடிக்கையாளர் பாக்கி பற்றிய குறிப்பு. ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விற்பனை 300 கோடியிலிருந்து 360 கோடியாகிறது. வரிக்கு முந்தைய லாபம் 36 கோடி. தலைவரின் கடிதம் இருபது சதவீத வளர்ச்சியைக் கொண்டாடுகிறது. குறிப்பைப் பார்த்தால், வரவேண்டிய பாக்கி 60 கோடியிலிருந்து 108 கோடியாகியிருக்கிறது. சரக்கை விற்றுப் பணம் வர முன்பு 73 நாள் ஆனது. இப்போது ஏறக்குறைய 110 நாள். விற்பனை கூடியது 60 கோடி, அதில் 48 கோடி இன்னும் வெளியே நிற்கிறது. பணப்புழக்க அறிக்கையின் முதல் பகுதி, அதாவது அன்றாடத் தொழிலிலிருந்து வந்த பணம், மைனஸில் இருப்பதற்குக் காரணம் இப்போது புரிகிறது.

இங்கே நின்றுவிடக் கூடாது. 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டுவது கட்டாயம்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டு, மூன்று, அதற்கும் மேல். நம் நிறுவனத்தில் ஓராண்டைத் தாண்டியது 4 கோடியிலிருந்து 26 கோடியாகியிருக்கிறது என்று வையுங்கள். வராது என்று ஒதுக்கியது 3 கோடிதான். பழைய பாக்கியில் பாதி வராமல் போனால் இன்னும் 10 கோடி ஒதுக்க வேண்டும். 36 கோடி லாபம் 26 ஆகும். பெயரளவில் வளர்ந்த நிறுவனம் உண்மையில் தேய்ந்திருக்கலாம். பிறகு தொடர்புடைய தரப்பினர் குறிப்புக்குப் போனால், அந்தப் பாக்கியில் பெரும்பங்கு புரமோட்டர் குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்திடம் நிற்பது தெரியவரலாம். விற்றவரும் வாங்கியவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால் அந்த விற்பனைக்கு என்ன மதிப்பு? காரோ இணைப்பில் வங்கிப் பட்டியல் ஒத்துப்போகவில்லை என்ற வரியும் இருந்தால், மூன்று இடத்தில் தனித்தனியாகக் கிடந்த செய்தி ஒன்றாகிவிடுகிறது. ஒரு குறிப்பு தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்தான் இந்த வாசிப்பின் பலன் இருக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, தொழில் தெரியாமல் குறிப்பைப் படிப்பவர் வீணாகப் பயந்துபோவார். அரசுக்குப் பாலமும் சாலையும் கட்டித் தரும் நிறுவனத்தில் பாக்கி மாதக்கணக்கில் நிற்பது இயல்பு. கடன் கொடுக்கும் நிதி நிறுவனத்தில் கடன் வளர வளர, தொழிலிலிருந்து வரும் பணம் மைனஸில்தான் காட்டும். அங்கே மேலே செய்த சோதனைக்கே அர்த்தமில்லை. இந்த இடத்தில், நாம் தள்ளிவைத்த முன்பக்கத்துக்குத்தான் திரும்ப வேண்டும். நிர்வாகத்தின் ஆய்வு என்ற பகுதியில், எவருக்கு விற்கிறார்கள், எத்தனை நாள் தவணை என்று சொல்லியிருப்பதை வைத்தே 110 நாள் அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். முன்பக்கத்தை அடியோடு ஒதுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது, இருப்புநிலைக் கணக்கு மார்ச் 31 என்ற ஒரு நாளின் படம். பாக்கியை நிதி நிறுவனத்திடம் தள்ளுபடிக்கு விற்று அன்றைக்கு மட்டும் குறைத்துக் காட்ட முடியும். அப்படி விற்ற பில்லுக்கு நிறுவனமே பொறுப்பு என்றால் அது எதிர்பாராப் பொறுப்புகள் குறிப்பில் வரக்கூடும். ஆகவே பாக்கி திடீரெனக் குறைந்த ஆண்டில் அந்தக் குறிப்பையும் பார்ப்பேன்.

மூன்றாவதுதான் பெரியது. கணக்கே பொய்யாக இருந்தால்? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் அதைக் காட்டியது. 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி புத்தகத்தில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். நான் மேலே செய்த சோதனை அங்கே தோற்றிருக்கும். ஏனென்றால் லாபம் மட்டுமல்ல, பணமும் வந்ததாகவே எழுதப்பட்டிருந்தது. கையிருப்புக்கு ஏற்ற வட்டி வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. ஆனால் சேர்ந்திருப்பதாகக் காட்டிய 376 கோடி வட்டியும் இல்லாததுதான் என்று அதே கடிதம் சொன்னது. தணிக்கையாளர் கையெழுத்தும் இருந்தது.

அந்தக் கதையில் அறிக்கைக்கு வெளியே இருந்து வந்த அடையாளம் ஒன்று உண்டு. ராஜுவின் கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தோடு தொடர்புள்ள இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் முடிவெடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததும் சில மணி நேரத்தில் கைவிட்டது. மென்பொருள் நிறுவனத்தின் பணம் கட்டுமான, மனைத் தொழிலுக்கு, அதுவும் சொந்தக்காரர்களிடம் போகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. தொடர்புடைய தரப்பினர் குறிப்பை ஆண்டுதோறும் படித்துப் பழகியவருக்கு அன்றைய அறிவிப்பு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று உடனே தெரிந்திருக்கும்.

அதனால்தான் புதியவர் ஒருவர் கேட்டால், ஒரே நிறுவனத்தின் மூன்று ஆண்டு அறிக்கைகளை எடுத்து, காரோ இணைப்பு, பாக்கியின் வயது, தொடர்புடைய தரப்பினர் என்ற மூன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முந்தைய ஆண்டில் ‘ஓராண்டுக்குள்’ வரிசையில் இருந்த தொகை இந்த ஆண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்திருக்கிறதா என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்க்க, ஒரு மாலைப்பொழுது போதும்.