ஒரே பக்கம், இரண்டு மெய்ப்பு: விக்கிமூலத்தில் ஒரு குறை

தமிழ் விக்கிமூலத்தில் ஒரு நூலின் அட்டவணைப் பக்கத்தைத் திறந்தால் எண்கள் வரிசையாக நிற்கும். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்பு பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார், பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். யார் வேண்டுமானாலும் ஒரு சிவப்பு எண்ணை எடுத்து வேலை செய்யலாம். அதாவது இது எல்லாருக்கும் பொதுவான ஒரு வேலை வரிசை. இந்த ஏற்பாட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதில் ஒரு நிறம் இல்லை: "இப்போ ஒருத்தர் இதைப் பார்த்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லும் நிறம்.

அதனால் என்ன ஆகும்? தென்னேரியில் ஒருவர், உத்திரமேரூரில் ஒருவர், இருவரும் ஒரே நூலை எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு இருவருக்குமே 41-ஆம் பக்கம் சிவப்பாகத் தெரிகிறது. இருவரும் திறக்கிறார்கள். தென்னேரிக்காரர் 8.20-க்குச் சேமிக்கிறார். உத்திரமேரூர்க்காரர் 8.25-க்குச் சேமிக்கப் போனால் "தொகுப்பு முரண்பாடு" என்று ஒரு திரை வந்து நிற்கிறது. அவருடைய 25 நிமிடம் போச்சு.

மென்பொருள் இங்கே தூங்கவில்லை. நீங்கள் எந்தப் பதிப்பைத் திறந்தீர்கள் என்பதை மீடியாவிக்கி நினைவில் வைத்திருக்கிறது. சேமிக்கும்போது நடுவில் வேறு யாராவது மாற்றியிருந்தால், இரண்டு மாற்றங்களையும் தானே இணைத்துப் பார்க்கும். வெவ்வேறு வரிகளில் திருத்தியிருந்தால் அது பெரும்பாலும் நடந்துவிடும். ஆனால் மெய்ப்பு வேலையில் இருவரும் திருத்துவது எழுத்துணரி செய்த அதே பிழைகளை, அதே வரிகளில். அதனால் முரண்பாடு வருவதுதான் வழக்கம். முதலில் சேமித்தவரின் எழுத்து அழியாமல் தப்பிக்கிறது. இரண்டாமவரின் உழைப்புக்குத்தான் காவல் இல்லை. சோதனை சரியானதுதான், நடக்கிற நேரம்தான் தப்பு. வேலை தொடங்கும்போது கேட்க வேண்டியதை முடிந்த பிறகு கேட்கிறது.

'டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ்' தளம் 2000-இல் குட்டன்பர்க் திட்டத்துக்காகத் தொடங்கியது. அங்கே பக்கத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கேட்டால் ஒரு பக்கம் உங்கள் பெயரில் வரும், அது உங்களிடம் இருக்கும்வரை அடுத்தவர் கைக்குப் போகாது. விக்கியில் அப்படிப் பூட்டுவது அதன் சுபாவத்துக்கு ஒத்துவராது என்பார்கள். நியாயம்தான். பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வராவிட்டால் அந்தப் பக்கம் அப்படியே கிடக்கும்.

ஆனால் பூட்டு இல்லாமலே இதைச் சமாளிக்கலாம். அதற்குத் தேவையான கருவி விக்கியிலேயே இருக்கிறது, அந்த முரண்பாட்டுத் திரைதான். நூலின் அட்டவணைப் பேச்சுப் பக்கத்தில் பத்துப் பத்துப் பக்கங்களாக வரி போட்டு வையுங்கள்:

```
* 41–50:
* 51–60:
```

வேலையைத் தொடங்கும் முன் அந்த வரியில் பெயரையும் ஒரு கெடு தேதியையும் எழுதிச் சேமிக்க வேண்டும். சேமித்த பிறகுதான் பக்கத்தைத் திறக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் "41–50" வரியில் எழுதினால் பிந்தியவருக்கு அதே முரண்பாட்டுத் திரை வரும். இம்முறை அவர் இழப்பது ஒரு வரி தட்டிய பத்து விநாடி. உடனே 51–60-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

இதையே கூகுள் ஷீட்டில் செய்யலாமே என்று தோன்றும். அங்கே ஒரே கட்டத்தில் இருவர் எழுதினால் கடைசியாக எழுதியவர் பெயர் நிற்கும், முதலாமவருக்கு எச்சரிக்கை எதுவும் வராது. கட்டம் காலியாக இருந்தது என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. எழுதிவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

கெடு தேதி எதற்கு? எடுத்தவர் வராவிட்டால் அந்தத் தேதிக்குப் பிறகு வேறொருவர் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. பழையவர் கெடு தாண்டித் திரும்பி வந்து, எதையும் பார்க்காமல் தொடர்ந்தால் பழைய மோதல்தான். அதனால் கெடு கடந்தவர் முதலில் தன் வரியைப் பார்க்க வேண்டும். பெயர் மாறியிருந்தால் விட்டுவிட வேண்டும்.

இரண்டு பேர் பார்ப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், பச்சை நிறமே அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் பச்சைக்கு வேலை செய்பவர் முதலாமவர் திருத்தியதன் மேல் மிச்சப் பிழைகளைத் தேடுகிறார். தற்செயலாக மோதிய இரண்டாமவர் முதலாமவர் திருத்திய பிழைகளையே இன்னொருமுறை திருத்தியிருக்கிறார். அதை ஒப்பிட்டுப் பார்த்தால் பயன் உண்டு, ஆனால் முரண்பாட்டுத் திரையில் அலுத்துப்போய் மூடிவிட்டுப் போகிறவர்தான் அதிகம்.

நூலைத் தனியாகப் பார்ப்பவருக்கு இந்த வரிகள் வெறும் சுமை. இரண்டாவது ஆள் வந்த நாளில் போட்டால் போதும்.