கண்ணெதிரே வைத்த தடயம்

தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயதாகிறது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-ல் வெளிவந்த காலந்தொட்டு, கோவிந்தனும் சாம்புவும் சங்கர்லாலும் கணேஷ்–வசந்த்தும் நம் வாசகர்களைத் தலைமுறை தலைமுறையாக ஆட்கொண்டிருக்கிறார்கள். ஆயினும், துப்பறிபவன் கண்ட தடயத்தை அவன் கண்ட அப்பொழுதே வாசகனும் கண்டிருக்க வேண்டும் என்று 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார் வகுத்த விதியை நம்மவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை என்பதே என் அபிப்பிராயம். வாரந்தோறும் ஒரு திடுக்கிடும் இடத்தில் 'தொடரும்' போட வேண்டிய நிர்ப்பந்தத்தில் பிறந்த சந்தேகங்கள் பல, கடைசி அத்தியாயத்தில் கணக்குக் கேட்பாரின்றி அநாதையாக நின்றுபோயின.

விதிவிலக்காக நான் எப்பொழுதும் எடுத்துக்காட்டுவது ஒரு திரைப்படத்தை. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கி 1954-ல் வெளிவந்த 'அந்த நாள்', பாட்டே இல்லாத படம். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943-ம் ஆண்டுச் சூழலில் ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். விசாரிக்கப்படுகிறவர்கள் ஆளுக்கொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். அவர்கள் சொல்லும் மனஸ்தாபங்கள் கதைக்குள் நடந்தவையே. கொலைக்குத்தான் அவை காரணமல்ல. எழுபது வருஷங்கள் கடந்த பின் ரகசியத்தைச் சொல்வதில் பாவமில்லை: ராஜன் எதிரிக்கு உளவு சொன்னவன். குண்டுவீச்சும் ரேடியோ தொழிலும் தொடக்கத்திலேயே நம் கையில் கொடுக்கப்பட்டுவிட்டன. நாமோ ஒன்றைக் காலப் பின்னணி என்றும் மற்றொன்றை வயிற்றுப்பிழைப்பு என்றும் ஒதுக்கிவிட்டோம்.

இந்த சாதுரியம் எப்படி அமைகிறது என்பதைக் காட்ட, ஆவடியில் நடப்பதாக ஒரு கதையைக் கற்பித்துக்கொள்வோம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில், வட்டிக்கு விடும் கிழவர் ஒருவர் இரவு பத்து மணியளவில் கொல்லப்படுகிறார். மருமகப்பிள்ளை, தான் சென்னையிலிருந்து ரயிலில் வரும்போது உறங்கிவிட்டதாகவும், எங்கும் இறங்காமல் ஆவடியைத் தாண்டித் திருநின்றவூரில் கண்விழித்து, அடுத்த வண்டியில் திரும்பியதாகவும் சொல்கிறான். அவன் ஏறியதோ பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் செல்லும் வண்டி. அது பட்டாபிராமில் பிரதான பாதையை விட்டு விலகிப் போவதால் ஒருநாளும் திருநின்றவூரை எட்டாது. பொய் அகப்பட்டுவிட்டது.

ஆனால் ஆவடி வாசி உடனே அறியும் இவ்விஷயத்தைத் திருநெல்வேலி வாசகர் எப்படி அறிவார்? கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் ரயில்வே வரைபடத்தை விரித்தால் அது மோசடி. ஆகவே இரண்டாம் அத்தியாயத்திலேயே, திருவள்ளூர் போகும் மூதாட்டி ஒருத்தி தவறான வண்டியில் ஏறிக்கொள்ள, "பாட்டி, இது சைடிங் வண்டி, திருநின்றவூர்ப் பக்கமே போகாது, ஆவடியில இறங்கிக்குங்க" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லட்டும். அதே பெட்டியில் கையில் கட்டுப்போட்ட முரடன் ஒருவன் நின்றால் வாசகனின் கண் அவன்மேல் போய்விடும். மருமகன் சைடிங் வண்டியில் இடம் பிடித்த கதை ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு அரட்டைக்கு நடுவில் வரலாம். திருநின்றவூரில் கண்விழித்ததாக அவன் சொல்வது எட்டாம் அத்தியாயத்தில்தான் வரவேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் அமைந்தால் ஆவடிக்காரர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

திசைதிருப்பும் சந்தேகத்துக்கும் இதே நியாயம் உண்டு. டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்க்கும், கிழவர் வீட்டுக் குடித்தனக்காரர், அன்றிரவு ஷிப்டில் இருந்ததாகச் சொன்னது பொய்யென்று தெரிகிறது. உண்மையில் அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணத்தோடு, சீட்டாட்டம் நடக்கும் இடத்துக்குப் போயிருந்தார். இதைப் பின்னால் வெறுமனே அறிவித்துவிட்டால் வாசகன் முகம் சுளிப்பான். மூன்றாம் அத்தியாயத்தில் குழாயடியில் அந்த அம்மாளின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே கிடந்ததை அவன் பார்த்திருந்தானானால், தானே கண்டுகொண்டிருக்கலாமே என்று தன்னைத்தான் நொந்துகொள்வான். பொய் சொன்னவனுக்குப் பொய் சொல்ல ஒரு சொந்தக் காரணம் இருந்தாக வேண்டும். கதாசிரியனின் சௌகரியம் காரணமாகாது. அந்தக் கட்டுப்போட்ட முரடனுக்கும் இதே கடன் உண்டு என்பதை மறந்துவிடலாகாது!

எழுதி முடித்தபின், துப்பறிபவர் கடைசியில் அடுக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, அது முதலில் தலைகாட்டிய பக்க எண்ணைக் குறித்துப் பார்ப்பது நல்லது. எண் இல்லாத காரணம் வாசகனிடமிருந்து மறைத்தது. எண்கள் எல்லாம் முடிவை ஒட்டியே விழுந்தால் அவசரத்தில் செருகியது. பிறகு இறுதி அத்தியாயத்தை நீக்கிவிட்டு, ஆவடியில் ஒருவரிடமும் வெளியூரில் ஒருவரிடமும் பிரதியைக் கொடுக்கலாம். இருவரும் குடித்தனக்காரரையே குற்றவாளி என்றால் ரயில் தடயம் மிக ஆழத்தில் புதைந்துவிட்டது. ஆவடிக்காரர் மட்டும் மருமகனைச் சொன்னால், மூதாட்டியின் காட்சி வெளியூராருக்குப் போதிய வெளிச்சம் தரவில்லை என்று கொண்டு, அதைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.